‘நல்ல கேள்வி’ என்பது விடையாகாது

ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சி அரங்குகளில் ஒரு மரபு உண்டு. கருத்தாளர் மூன்று மணி நேரம் பேசுவார். கடைசி ஸ்லைடில் பூங்கொத்துப் படத்தோடு ‘தேங்க் யூ’ வந்து நிற்கும். “எனி கொஸ்டின்ஸ்?” என்பார். சரியாக அதே நேரத்தில் பக்கத்துக் கூடத்தில் சாம்பார் வாளி இறங்கும் சத்தம் கேட்கும். துறைத்தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பார். கேள்வி வைத்திருப்பவன் வாயை மூடிக்கொள்வான். அவன் கையைத் தூக்கினால் பசியோடு இருக்கும் மொத்தக் கூட்டமும் அவனைச் சபிக்கும்.

அண்மையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நடந்த அரங்கின் தலைப்பு ‘கற்பித்தல் வடிவமைப்பும் அறிதல் சுமையும்’. மாணவர் மூளையில் ஒரே நேரத்தில் அதிகம் திணிக்கக் கூடாது என்ற உண்மையைக் கருத்தாளர் 94 ஸ்லைடுகளில் எங்கள் மூளையில் திணித்தார். அன்று கேட்க முடியாமல் போன கேள்விகளை வினாத்தாளாகவே தயாரித்திருக்கிறேன். மாணவர்களுக்கு மட்டும்தான் தேர்வு என்று எந்தச் சட்டத்திலும் இல்லையே.

நேரம்: சாப்பாட்டுக்கு முன்பு வரை. மதிப்பெண்: கருத்தாளருக்கு வழங்கிய சன்மானத்துக்குச் சமம். எல்லா வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டும். ‘நல்ல கேள்வி’ என்று சொல்வது விடையாகாது. திரையைப் பார்த்து வாசிப்பது காப்பியடித்தலாகக் கருதப்படும்.

வினா 1. ஜான் ஸ்வெல்லரின் படத்தைப் போட்டீர்களே, அவர் சொன்னதைப் படித்தீர்களா?

சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்வெல்லர்தான் 1988இல் வந்த கட்டுரையில் இந்த அறிதல் சுமைக் கோட்பாட்டுக்கு அடிப்படை போட்டவர். சாரம் எளிது. புதிதாக ஒன்றைக் கற்கும்போது மனத்தின் செயல் நினைவில் ஒரே நேரத்தில் சில துணுக்குகளே நிற்கும். 1956இல் ஜார்ஜ் மில்லர் ஏழு என்றார். 2001இல் நெல்சன் கோவன் அதை நான்குக்குப் பக்கத்தில் இறக்கினார். அந்தச் சிறிய இடத்தைப் பாடமே நிரப்பினால் படிப்பு நடக்கும். பாடம் தரப்பட்ட விதம் அதை நிரப்பிவிட்டால் பாடத்துக்கு இடமில்லை.

மனம் நான்கைத்தான் தாங்கும் என்ற செய்தி இருந்த உங்கள் ஸ்லைடில் பதினேழு வரிகள் இருந்தன. எண்ணிப் பார்க்க எனக்கு நேரம் கிடைத்தது, ஏனென்றால் அந்தப் பதினேழையும் நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தீர்கள்.

இன்னொன்று. இதே ஸ்வெல்லர் 2007இல் சிட்னி நாளிதழ் ஒன்றிடம், பவர்பாயின்ட் பெரிய கேடாக முடிந்துவிட்டது, அதைத் தூக்கிப் போட வேண்டும் என்று சொன்னார். படத்தைக் காட்டிப் பேசுவதில் அவருக்குப் புகார் இல்லை. திரையில் எழுதியிருப்பதையே வாயாலும் சொல்வதைத்தான் அவர் சாடினார். அவர் சாடிய காரியத்தைச் செய்தபடியே அவர் படத்துக்குக் கீழே ‘தந்தை’ என்று எழுதியிருந்தீர்கள். பெற்ற தந்தையின் பேச்சைக்கூட இப்படித் தட்டமாட்டார்கள்.

வினா 2. அந்தச் சதவீதக் கூம்பை எந்தக் கடையில் வாங்கினீர்கள்?

‘படித்ததில் 10% நினைவில் நிற்கும், கேட்டதில் 20%, பார்த்ததில் 30%, செய்ததில் 90%’ என்று வண்ணம் தீட்டிய கூம்பு ஒன்று வந்தது. கீழே எட்கர் டேலின் பெயர். இந்த நாட்டில் ஆசிரியர் வேலை பார்க்கும் யாரும் இதைப் பார்க்காமல் ஓய்வு பெற முடியாது.

எட்கர் டேல் 1946இல் ஒரு கூம்பு வரைந்தது உண்மை. எது நேரடி அனுபவம், எது வெறும் சொல் என்று வகை பிரித்துக் காட்டிய படம் அது. அதில் சதவீதம் ஒன்றுகூடக் கிடையாது. எண்களைப் பிற்பாடு யாரோ ஒட்டிவிட்டார்கள். எல்லாம் பத்து பத்தாக, முழு எண்ணாக, ஏணிப்படி போல ஏறுவதைப் பார்த்த உடனேயே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? யாரைச் சோதித்தார்கள், என்ன பாடம், எத்தனை நாள் கழித்துக் கேட்டார்கள் என்று எதுவும் சொல்லாத எண் அது. எங்கள் மாணவன் ஆய்வகப் பதிவேட்டில் இப்படி அழகான முழு எண்களை எழுதிக் கொண்டுவந்தால் ரெக்கார்டை முகத்தில் எறிவோம். கருத்தாளர் கொண்டுவந்தால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம்.

இது வெறும் தவறான ஸ்லைடு அல்ல. ‘பார்த்தால் கூடுதலாக நிற்கும்’ என்ற இந்தக் கட்டுக்கதைதான் திரையில் எதைக் காட்டினாலும் படிப்பு நடந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு முட்டுக்கொடுக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் கல்லூரிகள் வகுப்புக்கு ஒரு புரொஜெக்டர் மாட்டி, அங்கீகாரக் கோப்பில் ‘தொழில்நுட்ப வழிக் கற்பித்தல்’ என்று எழுதி, இடம் தெரியும்படி ஜியோ டேக் போட்ட புகைப்படமும் இணைக்கின்றன. அந்தப் புகைப்படத்தில் புரொஜெக்டர் எரிவது தெரியும். கடைசி பெஞ்சுப் பையனின் தலையில் எரிகிறதா என்பது தெரியாது. கோப்புக்கு அது தேவையும் இல்லை.

வினா 3. எழுதியதையே வாசிப்பதென்றால், உங்களுக்கு எதற்குப் பயணப்படி?

இதற்கு நீங்கள் வைத்திருக்கும் விடை எனக்குத் தெரியும்: “கண்ணாலும் போகும், காதாலும் போகும், டபுள் எஃபெக்ட்.” கேட்க நன்றாக இருக்கிறது. சோதித்துப் பார்த்தவர்களுக்கு வேறு விடை கிடைத்தது.

2001இல் ரிச்சர்ட் மேயரும் உடனிருந்தவர்களும் மின்னல் எப்படி உருவாகிறது என்ற அசைபடத்தை விளக்கக் குரலோடு மாணவர்களுக்குக் காட்டினார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அதே படம், அதே குரல், கூடவே அதே விளக்கம் எழுத்திலும். எழுத்தும் சேர்த்துப் பெற்றவர்கள் நினைவு கூர்வதிலும் பின்தங்கினார்கள், புதிய கேள்விக்கு யோசித்து விடை சொல்வதிலும் பின்தங்கினார்கள். காரணம் இதுதான்: திரையில் எழுத்து இருந்தால் கண் அதை விடாது. கண் படத்தை விட்டு எழுத்துக்குப் போகும். மனம் வாசிக்கும் வேகம் வேறு, நீங்கள் பேசும் வேகம் வேறு. வாசித்து முடித்தவர் உங்கள் குரல் வரும்வரை காத்திருந்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்க்கிறார். அந்தக் கணக்குப்பிள்ளை வேலைக்கே இருக்கும் இடம் போய்விடுகிறது.

சரி, திரையில் இருப்பதை விட்டுவிட்டு வேறு ஏதாவது பேசினால்? 2009இல் சவோய், ப்ராக்டர், சால்வென்டி மூவரும் பவர்பாயின்ட் வகுப்பையும் பழைய பாணி வகுப்பையும் ஒப்பிட்டார்கள். ஆசிரியர் வாயால் மட்டும் சொன்ன செய்திகளில், பவர்பாயின்ட் ஓடிய வகுப்பில் 15% குறைவாகவே மாணவர் நினைவில் நின்றது. ஆனால் எந்த வகுப்பு பிடித்தது என்று கேட்டபோது அதே மாணவர்கள் பவர்பாயின்டைத்தான் சொன்னார்கள்.

இந்த இரண்டாவது கண்டுபிடிப்பை உங்கள் நெற்றியில் ஒட்டிக்கொள்ளுங்கள். பிடிப்பது வேறு, படிப்பது வேறு. கடைசியில் நீங்கள் நீட்டிய பின்னூட்டப் படிவம் முழுக்க ‘பிடித்ததா?’ என்றுதான் இருந்தது.

2012இல் கிறிஸ்டோஃப் வெக்கர் இன்னும் ஒரு படி உள்ளே போனார். வழக்கமான நெருக்கமான ஸ்லைடு ஓடினால் வாய்ச்சொல் அமுங்குகிறது என்பதை அவரும் கண்டார். சுருக்கமான ஸ்லைடு போட்டால் அந்தச் சேதம் குறைந்தது. மூளை பாரம் தாங்காமல் விழுந்ததைவிட, கவனம் தவறான பக்கம் போனதுதான் முக்கியக் காரணம் என்றும் அவர் முடிவு செய்தார். இதை நம் வகுப்பறைக்குக் கொண்டுவந்தால் உடனே விளங்கும். ‘சார் பேசுவது பேச்சு, பிபிடியில் இருப்பதுதான் எக்ஸாமுக்கு வரும்’ என்று நம் மாணவன் முதல் செமஸ்டரிலேயே கற்றுவிடுகிறான். அவன் காதை மூடியது நாம்தான். மூடிவிட்டு, ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு அட்டென்ஷன் ஸ்பானே இல்லை’ என்று ஸ்டாஃப் ரூமில் ஒப்பாரி வைக்கிறோம்.

வினா 4. உங்கள் 41ஆவது ஸ்லைடைப் பிரேதப் பரிசோதனை செய்க.

‘சிறந்த ஸ்லைடுக்கு மாதிரி’ என்று நீங்கள் காட்டியது நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். நடுவில் வெட்டுத்தோற்றப் படம். படத்தின் மேல் 1 முதல் 12 வரை எண்கள். எந்த எண் எந்தப் பாகம் என்ற பட்டியல் கீழே. வலப்பக்கம் ஆங்கிலத்தில் ஒரு பத்தி. மேலே கல்லூரி முத்திரை, துறையின் பெயர், தொலைநோக்கு வாசகம். மூலையில் ஒரு கார் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கல்விக் கடன் வாங்கிச் சேர்ந்த முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவி ஒருத்தி இதன் முன் உட்காருகிறாள். நீங்கள் ‘எக்ஸாஸ்ட் வால்வ் ஓப்பன்ஸ்’ என்கிறீர்கள். எக்ஸாஸ்ட் வால்வ் எது என்று கீழே பட்டியலில் தேடுகிறாள். எண் 7. படத்துக்கு ஏறி 7ஐத் தேடுகிறாள். கண்டுபிடித்த நேரத்தில் பிஸ்டன் மேலே போகிறதா கீழே வருகிறதா என்பது நழுவிவிட்டது. அதற்குள் நீங்கள் பத்தியின் மூன்றாம் வரியில் இருக்கிறீர்கள். அவள் செய்த உழைப்பு முழுவதும் உண்மையான உழைப்பு. ஆனால் அதில் ஒரு துளியும் இன்ஜினைப் பற்றியது அல்ல. பட்டியலைப் படத்தோடு பொருத்தும் குமாஸ்தா வேலை அது. படத்தையும் அதன் விளக்கத்தையும் தள்ளித் தள்ளி வைத்தால் கவனம் பிளந்துபோகும் என்று சாண்ட்லரும் ஸ்வெல்லரும் 1990களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்கள். உங்கள் 38ஆவது ஸ்லைடில் அதுவும் இருந்தது. மூன்று ஸ்லைடு தாண்டுவதற்குள் மறந்துவிட்டீர்கள் என்றால், செயல் நினைவின் எல்லைக்கு உங்களைவிட நல்ல சான்று தேவையில்லை.

இதைத் திருத்த மென்பொருள் வேண்டாம், பட்ஜெட் வேண்டாம். எண்களை அழித்துவிட்டு, ‘எக்ஸாஸ்ட் வால்வ்’ என்ற பெயரை வால்வின் மேலேயே எழுதுங்கள். பன்னிரண்டு பாகமும் வேண்டாம். இந்தப் பாடத்துக்குத் தேவை மூன்றே செய்தி: பிஸ்டன் எந்தப் பக்கம் போகிறது, உள்வால்வு திறந்ததா, வெளிவால்வு திறந்ததா. சக்‌ஷன் படம் மட்டும் முதலில். பிறகு பக்கத்தில் கம்ப்ரஷன். அதன் பக்கத்தில் பவர், பிறகு எக்ஸாஸ்ட். முந்தைய படம் மறையக் கூடாது. அடுத்த ஸ்லைடுக்குத் தாவினால் முந்தையதை மாணவி மனத்தில் சுமக்க வேண்டும். கண் முன்னாலேயே இருந்தால் சுமக்க வேண்டாம், ஒப்பிடலாம். பத்தியை அடியோடு எடுத்துவிட்டு அதை நீங்கள் பேசுங்கள். அந்தக் காரை நிறுத்துங்கள். மேயரின் அதே 2001 சோதனைகளில், பாடத்துக்கு வேண்டாத சுவாரசியமான காட்சிகளைச் செருகியபோது மாணவர்கள் யோசித்து விடை சொல்வது குறைந்தது.

இதையெல்லாம் நமக்குக் கற்பித்த பழைய வாத்தியார் எந்தக் கோட்பாடும் தெரியாமல் கரும்பலகையில் செய்துகொண்டிருந்தார். அவர் வரையும் வேகம் நாம் வாங்கிக்கொள்ளும் வேகமாக இருந்தது. முதல் வரி கடைசி வரிவரை பலகையில் நின்றது. பலகையோடு மட்டும் பேசிவிட்டுப் போன வாத்தியார்களும் இருந்தார்கள், அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அவர்களால் ஒரு மணி நேரத்தில் ஒரு யூனிட்டையே நடத்தி முடிக்க முடியாது. கை வலிக்கும். உங்களுக்கு வலிப்பதில்லை. ஒரு பொத்தானில் ஒரு அத்தியாயத்தை முடித்து ‘போர்ஷன் ஓவர்’ என்று பதிவேட்டில் எழுதிவிடலாம். புரொஜெக்டர் உண்மையில் யாருடைய சுமையைக் குறைத்தது என்பது இப்போது புரிகிறதா?

வினா 5. ‘இது யாருக்கு?’ என்று ஒரு ஸ்லைடிலாவது கேட்டீர்களா?

ஸ்லைடே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதும் உங்கள் கூம்பு மாதிரி இன்னொரு மூடநம்பிக்கை. ஒருவருக்கு உதவும் ஸ்லைடு இன்னொருவரைக் கெடுக்கும் என்பதுதான் இந்தத் துறையின் மிகச் சுவையான கண்டுபிடிப்பு. கல்யூகாவும் ஸ்வெல்லரும் உடனிருந்தவர்களும் மின்சுற்றுப் படங்களை வைத்துத் தொழிற்பயிற்சி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். புதியவர்களுக்குப் படத்தோடு ஒட்டிய விளக்கம் உதவியது. அவர்களே பயிற்சி பெற்றுத் தேறிய பிறகு அதே விளக்கம் இடைஞ்சலாகிவிட்டது, வெறும் படமே மேலாக இருந்தது. தெரிந்ததைத் திரும்ப வாசிக்க வைப்பதும் சுமைதான். முதலாண்டுக்கும் இறுதியாண்டுக்கும் ஒரே பிபிடியை ஓட்டும் நம் துறைகளில் இதைச் சொன்னால், ‘ஃபைலை மாற்றினால் ஆடிட்டில் கேட்பார்கள்’ என்பார்கள்.

மொழி விஷயமும் அப்படியே. வாயால் சொன்னதைத் திரையிலும் எழுதாதே என்ற விதி, கேட்கும் மொழி தாய்மொழியாக இருப்பவருக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். நம் மாணவிக்கு ‘ஸ்டாய்க்கியோமெட்ரிக்’ என்ற சொல் காதில் விழுந்தால் பிடிபடாது. அந்த ஒரு சொல் திரையில் தெரிந்தால் அவளுக்குப் பெரிய உதவி. ஒரு சொல்தான். அந்தச் சொல்லை வைத்து ஒரு முழுப் பத்தி அல்ல. விளக்கத்தைத் தமிழில் பேசி, தேர்வில் எழுத வேண்டிய ஆங்கிலச் சொல்லை மட்டும் திரையில் நிறுத்தினால், இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் ஆளுக்கொரு வேலையைப் பார்க்கும். நீங்கள் செய்தது தலைகீழ். திரையில் ஆங்கிலம், வாயிலும் ஆங்கிலம், சந்தேகம் கேட்டால் மட்டும் “வீட்டுல போய்ப் படிம்மா” என்று தமிழ்.

வினா 6 (கட்டாய வினா). சோதித்தீர்களா?

இது ஒன்றுக்கு விடை இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் நான் மதிப்பெண் போட்டுவிடுவேன்.

உங்கள் படிவம் ஐந்து நட்சத்திரம் கேட்டது. ‘உரை பயனுள்ளதாக இருந்ததா?’ சான்றிதழ் உங்கள் கையில், பேனா எங்கள் கையில், வயிறு பந்தியில். யார் இரண்டு நட்சத்திரம் போடுவார்கள்?

ஸ்லைடு உதவுகிறதா, அமுக்குகிறதா என்று தெரிந்துகொள்ளச் சில பாடவேளைகள் போதும். ஒரே பாடத்துக்கு இரண்டு செக்‌ஷன்கள் இருக்கும் அல்லவா? ‘ஏ’ செக்‌ஷனுக்கு உங்கள் 41ஆவது ஸ்லைடு. ‘பி’க்கு மேலே சொன்ன நான்கு படங்கள். பேசுவது ஒரே ஆள், ஒரே நேர அளவு. அடுத்த பாடத்தில் இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள், எந்தச் செக்‌ஷனுக்கும் அநியாயம் நேராது, ‘அந்தச் செக்‌ஷன் பசங்க எப்பவுமே நல்லாப் படிப்பாங்க’ என்ற சாக்கும் எடுபடாது. பாடம் முடிந்ததும், எவ்வளவு மன உழைப்பு ஆனது என்று 1 முதல் 9 வரை ஒரு எண்ணை வட்டமிடச் சொல்லுங்கள். ஃபிரெட் பாஸ் 1992இல் கொண்டுவந்த அளவுகோல் அது. ஒரு வாரம் கழித்து, முன்னறிவிப்பின்றிப் பத்துக் கேள்வி. நான்கு, வாயால் மட்டும் சொன்னதிலிருந்து. நான்கு, திரையில் இருந்ததிலிருந்து. மீதி இரண்டு, எங்குமே சொல்லாதது: ‘உள்வால்வு சரியாக மூடாமல் கசிந்தால் முதலில் எந்த ஸ்ட்ரோக்கில் அழுத்தம் கெடும், ஏன்?’ இன்ஜின் புரிந்தவள் கம்ப்ரஷன் என்பாள், இரண்டு வால்வும் மூடியிருந்தால்தானே அழுத்த முடியும் என்பாள். ஸ்லைடை மனப்பாடம் செய்தவள் நான்கு ஸ்ட்ரோக்கின் பெயர்களையும் வரிசையாக எழுதிவைப்பாள்.

பிறகு இரண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். உழைப்பு 8, மதிப்பெண் குறைவு என்றால் நீங்கள் அமுக்கியிருக்கிறீர்கள். உழைப்பு 3, மதிப்பெண் அதிகம் என்றால் ஸ்லைடு வேலை செய்திருக்கிறது. உழைப்பும் 2, மதிப்பெண்ணும் 2 என்றால் வகுப்பு தூங்கியிருக்கிறது. அதனால்தான் உழைப்பு எண்ணைத் தனியாக நம்பக் கூடாது. திரைக் கேள்விகளில் ஏறி, வாய்க் கேள்விகளில் இறங்கியிருந்தால், உங்கள் ஸ்லைடு உங்களையே வாயடைத்திருக்கிறது. இதற்கு வேண்டியது இரண்டு தாள், ஒரு வாரப் பொறுமை, விடை பாதகமாக வந்தால் தாங்கும் முதுகெலும்பு. முதல் இரண்டும் எல்லாக் கல்லூரியிலும் கிடைக்கும்.

நீங்கள் சோதிக்கமாட்டீர்கள். சோதித்தால் 94 ஸ்லைடு 20 ஆகும். 20 ஸ்லைடுக்கு மூன்று மணி நேரம் பேசப் பாடம் தெரிய வேண்டும். நிர்வாகமும் சோதிக்கச் சொல்லாது. பல லட்சத்துக்குப் புரொஜெக்டர் வாங்கியாயிற்று, கட்டணத்தில் ‘ஸ்மார்ட் கிளாஸ்’ என்று ஒரு வரி போட்டு அந்த மாணவியின் அப்பாவிடம் வசூலும் ஆயிற்று. அவள் அரியர் வைத்தால் அதற்கும் அவளிடமே தேர்வுக் கட்டணம். இந்தக் கணக்கில் நஷ்டப்படுவது அவள் ஒருத்திதான், ஆனால் பரிசோதிக்கப்படுபவளும் அவள் ஒருத்திதான்.

மதிப்பீட்டு முறை: விடைத்தாளை ஒரு வாரத்தில், புரொஜெக்டரை அணைத்துவிட்டு, அதே கூடத்தில் வாசிக்க வேண்டும். அன்று உங்கள் உரையிலிருந்து எங்களுக்குப் பத்துக் கேள்வி கேளுங்கள். நாங்கள் எடுத்த மதிப்பெண்ணின் சராசரியை உங்கள் சான்றிதழில் அச்சிடுவோம். அதைப் பார்த்த பிறகு அடுத்த கல்லூரி உங்களை அழைக்கட்டும்.